குறுக்கிடாத இரண்டு நிமிடம்

மதுரையில் ஒரு விடுதியின் சின்ன அறையில், எதிரே இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் பேசி முடித்துவிட்டேன் என்பதை அவர் நம்பவில்லை. மேசைமேல் இருந்த ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. "இன்னும் ஏதாவது சொல்ல முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ மேடம், தட்ஸ் ஆல்" என்றேன். சொன்ன பிறகுதான், என் இரண்டு நிமிடத்தில் பாதிகூட ஓடியிருக்காது என்று உறைத்தது.

வெளிநாட்டில் செவிலியராகப் பதிவு செய்வதற்கான ஆங்கிலத் தேர்வு அது. கேட்பது, வாசிப்பது, எழுதுவது மூன்றும் எனக்கு எப்படியோ ஒப்பேறிவிட்டன. பேச்சுதான் காலை வாரிவிட்டது. பேச்சுத் தேர்வில் மூன்று பகுதிகள். முதலில் ஊர், வேலை, வீடு என்று சாதாரணமான கேள்விகள். கடைசியில் கொஞ்சம் ஆழமான உரையாடல். நடுவில் ஒரு அட்டை தருவார்கள். அதில் ஒரு தலைப்பும், அதற்குக் கீழே நான்கு சிறு குறிப்புகளும் இருக்கும். யோசிக்க ஒரு நிமிடம், குறித்துக்கொள்ள ஒரு தாளும் பென்சிலும். அதன்பின் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் நாமாகவே பேச வேண்டும். எதிரே இருப்பவர் வாய் திறக்கமாட்டார்.

அன்று எனக்கு வந்தது, "நீங்கள் ஒருவருக்குக் கொடுத்த பரிசைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற அட்டை. என்ன பரிசு, யாருக்கு, எப்போது, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நான்கு குறிப்புகள். நான்குக்கும் நான்கு வாக்கியங்கள் சொன்னேன். மகளுக்கு ஒரு சைக்கிள். போன பிறந்தநாளுக்கு. பள்ளிக்கூடம் தூரம். அதனால் வாங்கினேன். முடிந்தது. முடிவு வந்தபோது மற்றவற்றில் வேண்டிய மதிப்பெண் கிடைத்திருந்தது. பேச்சில் ஒன்பதுக்கு ஏழு வேண்டும், எனக்கு ஆறரை.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு கண்டனூரில். வயது நாற்பதை நெருங்குகிறது. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. கணவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வழங்கும் பிரிவில் வேலை. காலையில் சமைத்துவைத்துவிட்டுப் பேருந்து பிடிப்பேன். இயந்திரங்களைத் தயார் செய்து, நோயாளிகளின் கையில் ஊசி ஏற்றி, நான்கு மணி நேரம் அவர்களுடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பிறகு அடுத்த ஆட்கள். வீடு திரும்பும்போது கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும். இந்த வயதில் எதற்கு வெளிநாடு என்று கேட்டவர்களுக்கெல்லாம் மகளின் படிப்பு என்று சொன்னேன். அது உண்மைதான். வேறொரு காரணமும் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறரை வந்த பிறகு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. நாளெல்லாம் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருப்பாள். பிள்ளைகள் அவளை மேடம் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவள் என்னை அக்கா என்றாள்.

முதல் நாளே ஒரு அட்டையைக் கொடுத்துப் பேசச் சொன்னாள். "உங்களுக்கு உதவி செய்த ஒருவர்." இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்துவைத்திருந்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அக்கா, இது நீங்க எழுதுனது இல்ல."

"எப்பிடித் தெரியும்?"

"இதுவரைக்கும் மெதுவா பேசிக்கிட்டு இருந்தீக. திடீர்னு ரயிலு மாதிரி போறீக. நீங்க புழங்காத வார்த்தையெல்லாம் வருது. அங்க உக்காந்திருக்கவுகளுக்கு இதக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை. மனப்பாடம்னு தெரிஞ்சா மார்க்கு ஏறாது."

பிறகு பரிசு அட்டையின் கதையை அவளிடம் சொன்னேன். சைக்கிளைப் பற்றி நான் சொன்ன நான்கு வாக்கியங்களையும் கேட்டாள். சிரிக்கவில்லை. வெந்நீரைக் குடித்துவிட்டு, "நீங்க ஆஸ்பத்திரியில டூட்டி மாத்தும்போது அடுத்து வர்ற நர்ஸுகிட்ட எப்பிடிச் சொல்லுவீக?" என்றாள்.

சொல்லிக்காட்டினேன். மூன்றாம் படுக்கை, ஐம்பத்தாறு வயது, இரண்டாம் மணி நேரத்தில் அழுத்தம் இறங்கியது, சலைன் கொடுத்தாயிற்று, இப்போது பரவாயில்லை, எடையைப் பார்க்க வேண்டும்.

"அதேதான். அந்தப் பழக்கத்துலதான் சைக்கிளையும் சொல்லியிருக்கீக. கேக்குறவுக நேரத்த மிச்சம் பண்ணுறீக. இங்க அவுக நேரத்த மிச்சம் பண்ணக் கூடாது. ரெண்டு நிமிஷமும் உங்களுக்குத்தேன்."

அவள் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினாள். அட்டையில் உள்ள நான்கு குறிப்புகள் நான்கு கேள்விகள் இல்லை, ஒரே கதைக்குள் போகும் வழிகள் என்றாள். என்ன, எப்போது, யார் என்பவற்றை ஆரம்பத்திலேயே சுருக்கமாக முடித்துவிட வேண்டும். அவற்றில் நின்றால் நேரமும் போகாது, பேச்சும் வராது. பிறகு ஒரே ஒரு காட்சி. அந்த நாள், அந்த இடம், யார் என்ன சொன்னார்கள். அதை மெதுவாகச் சொல்ல வேண்டும். கடைசிக் குறிப்பு பெரும்பாலும் ஏன் என்றோ எப்படி உணர்ந்தீர்கள் என்றோ கேட்கும். அதற்கு நிறைய நேரம் வைக்க வேண்டும். எல்லாம் சொல்லியும் நேரம் மிச்சமிருந்தால், முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இனி எப்படி இருக்கும் என்று போகலாம்.

"யோசிக்கக் குடுக்கிற ஒரு நிமிஷத்துல வாக்கியம் எழுதாதீக. ரெண்டாவது வாக்கியத்துலயே நிமிஷம் முடிஞ்சு போகும். வார்த்தை மட்டும் எழுதுங்க. தமிழ்லகூட எழுதலாம், அந்தத் தாளுக்கு மார்க்கு கெடையாது. அப்புறம், அவுக நிறுத்துனா பயப்படாதீக. ரெண்டு நிமிஷம் ஆனா யாரா இருந்தாலும் நிறுத்துவாக. அது தப்பு இல்ல."

புரிந்தது. ஆனால் செய்ய வரவில்லை. ஒரு வாரம் தினமும் ஒரு அட்டை எடுத்தேன். ஒரு நிமிடத்தைத் தாண்டுவதற்குள் காய்ந்து போனேன். இங்கிலீஷ் போதவில்லை என்று நான் சொல்ல, அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க, இதே அட்டைக்குத் தமிழ்ல பேசுங்க" என்றாள். "நீங்கள் சமீபத்தில் போன ஒரு திருமணம்." தமிழில் பேசினேன். தமிழிலும் அதே இடத்தில் நின்றேன். எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

அவள் அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "வீட்டுல யாரும் குறுக்கக் கேள்வி கேக்காம நீங்க ரெண்டு நிமிஷம் பேசியிருக்கீகளா?"

யோசித்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப அதுதான் வீட்டுப்பாடம். இங்கிலீஷ் பெறகு. மொதல்ல தமிழ்ல. வாயத் தொறக்காம கேக்குற ஒரு ஆளப் பிடிங்க."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை. மகள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் இருப்பாள். கணவர் நல்ல மனிதர், ஆனால் கேள்வி கேட்காமல் ஒரு வாக்கியத்தை அவரால் விழுங்க முடியாது. சங்கத்தில் நாள் முழுதும் வருகிறவர்களிடம் எத்தனை ஏக்கர், என்ன பயிர், ஆதார் கொண்டு வந்தீகளா என்று கேட்டுக் கேட்டு அதுவே பேச்சாகிவிட்டது. நான் எதையாவது ஆரம்பித்தால், "எந்தப் பஸ்ஸு?", "அவுக யாரு மகன்?", "அதுக்கு நீ என்ன சொன்ன?" என்பார். மூன்றாவது கேள்விக்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும். சரி விடுங்க என்பேன். பல வருடமாக எங்கள் பேச்சு முடியும் இடம் அந்த "சரி விடுங்க"தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு நிமிஷம் நான் பேசுவேன். நீங்க ஒண்ணும் கேக்கக் கூடாது."

"ஏன், கேட்டா என்ன?"

"பரிச்சையில அப்பிடித்தேன். அவுக பேசமாட்டாக."

"அப்பறம் எதுக்கு எதுத்தாப்ல உக்காந்திருக்காக?"

"இந்தா, இப்பவே ஆரம்பிச்சிட்டீக."

அலைபேசியில் இரண்டு நிமிடத்துக்கு மணி வைத்தேன். அட்டை, "நீங்கள் ரசித்த ஒரு பயணம்." ஒருமுறை நாங்கள் எல்லோரும் இராமேசுவரம் போனதை எடுத்தேன். பாம்பன் பாலம் வருவதற்குள் அவர் மூன்று தடவை வாயைத் திறந்தார். "அது அந்த வருசம் இல்ல, பாப்பா அப்ப ஒண்ணாப்பு" என்றார். மகள் எழுந்து வந்து, "அப்பா, பேசாதீங்கன்னு அம்மா சொன்னாங்கல்ல" என்றாள். அவர் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்து பேச்சு போயிற்று.

ஆனாலும் அவர் விடவில்லை. வேலை விட்டு வந்ததும் அவராகவே, "என்ன, இன்னைக்கு அட்டை எதுவும் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார். நானும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டேன். கேள்வி வராதபோது முதலில் பயமாகத்தான் இருந்தது. ஆள் கேட்கிறாரா, சலித்துவிட்டாரா, நான் சொல்வது தப்பா என்று மனம் தடுமாறும். மதுரையில் என்னைச் சாய்த்தது அந்த மௌனம்தான் என்று அப்போது விளங்கியது. யாரும் தடுக்காத பேச்சு எனக்குப் பழக்கமே இல்லை. யாராவது குறுக்கே வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்திலேயே இத்தனை வருடம் பேசியிருக்கிறேன்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு நாள் எங்கள் பிரிவில் ஆள் குறைவு. இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தி பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது விளக்கைப் போடக்கூடக் கை எழவில்லை. அவர் காப்பி போட்டு வைத்திருந்தார். "இன்னைக்கு வேணாம்னா விட்டுரு" என்றார். விட்டால் நாளையும் விடுவேன் என்று தோன்றியது. மேலாக இருந்த அட்டையை எடுத்தேன். "நீங்கள் எடுத்த ஒரு கடினமான முடிவு." என்ன முடிவு, எப்போது எடுத்தீர்கள், உங்கள் முன் இருந்த வழிகள் என்ன, பின்னர் அதைப் பற்றி எப்படி உணர்ந்தீர்கள்.

இதற்கு வேறு எதையாவது புனைந்து சொல்லலாம். நீங்கள் சொல்வது உண்மையா என்று தேர்வில் யாரும் பார்ப்பதில்லை, மேடம் அதையும் சொல்லியிருந்தாள். ஆனால் புனைவதற்கும் தெம்பு வேண்டும். அன்று அது என்னிடம் இல்லை. இருந்ததைச் சொன்னேன்.

கல்யாணமான புதிதில், மகள் பிறப்பதற்கு முன்பு, வளைகுடா நாட்டில் ஒரு மருத்துவமனைக்கு ஆள் எடுத்தார்கள். சென்னையில் நேர்முகத்துக்குப் போய் வந்தேன். தேர்வாகிவிட்டேன் என்று போன் வந்த அதே வாரம் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. நான் நேர்முகத்துக்குப் போய் வந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் என்னைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள் என்று எல்லோரும் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சிவகங்கை ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று, வரவில்லை என்று போனில் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர், கொஞ்சம் யோசிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு உள்ளே போய் மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டேன். அவருடைய நல்ல கை என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான்காவது குறிப்புக்கு வந்தேன். எப்படி உணர்ந்தீர்கள்? அந்த இடத்தில் எப்போதும் ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துபவள் நான். அன்று நிற்கவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை, அவர் கடைசிவரை என்னைத்தான் தேடினார் என்று சொன்னேன். யாராவது ஒருத்தர், "நீ போறியா, இருக்கியா?" என்று கேட்டிருந்தால் போதும் என்றேன். கேட்டிருந்தாலும் இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் அப்போது அது என்னுடைய முடிவாக இருந்திருக்கும் என்றேன். விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து இருக்கிறது என்றும் சொன்னேன்.

அலைபேசி மணி அடித்தது. நான் நிறுத்தினேன்.

கணவர் எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தார். பிறகு வாசலுக்குப் போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த வண்டியையே துடைத்தார்.

அவருக்கு அதுவரை இது தெரியாது. "அது சரியா வரல" என்று மட்டும் அப்போது அவரிடம் சொல்லியிருந்தேன். தேர்வாகவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்த மனிதனிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டேன். விட்டது அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் நான் சாம்பாரைத் தாளித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"நானா கேக்கல? நான் கேக்காத கேள்வியா?"

"அத மட்டும் கேக்கல."

கடுகு வெடித்து அடங்கியது. "எங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது. தெரிஞ்சிருந்தா போகச் சொல்லியிருப்பாக."

அவர் தலையை ஆட்டினார். டிபன் பெட்டியை அவரே எடுத்து மூடினார். 

அதே கதையை ஆங்கிலத்தில் வகுப்பில் சொன்னேன். மேடம் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுவதும் கேட்டாள். முடித்ததும் நெஞ்சில் கைவைத்து ஏதாவது சொல்வாள் என்று ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் இருமினாள். வெந்நீர் குடித்தாள்.

"நேரம் சரியா இருக்கு. வரிசை நல்லா இருக்கு. பழைய விஷயம் சொல்லும்போது ரெண்டு எடத்துல வினைச்சொல்ல நிகழ்காலத்துல விட்டுட்டீக. வருத்தத்துக்கு 'சேட்'னு அஞ்சாறு தடவ வருது, வேற வார்த்தை தேடுங்க." பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவள்போல், "அக்கா, இந்தக் கதை நல்லா வருதேன்னு எல்லா அட்டைக்கும் இதையே தூக்கிட்டுப் போகாதீக. தலைப்புக்குப் பொருந்தலைன்னா காது குடுத்துக் கேக்குறவுகளுக்கு ஒடனே தெரிஞ்சுரும்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து எத்தனை பேரின் கடினமான முடிவுகளைக் கேட்டிருப்பாளோ. எனக்குக் கோபம் வரவில்லை. நானும் நோயாளிகளின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே கருவியின் எண்ணைக் குறித்துக்கொள்பவள்தான்.

இரண்டாவது தடவை மதுரைக்குக் கணவரும் வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. திருப்பத்தூர், மேலூர் என்று பேருந்து உருண்டது. வழியெல்லாம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது எனக்கு என்னவோபோல் இருந்ததால், "ஏதாச்சும் கேளுங்களேன்" என்றேன். "நீ தூங்கு" என்றார்.

பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, புகைப்படம் எடுத்து, அலைபேசியையும் பையையும் வெளியே வைக்கச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். இந்தத் தடவை எதிரே வேறொரு பெண்மணி. ஊரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேட்டுவிட்டு, அட்டையையும் தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

"நீங்கள் ஓய்வெடுக்கப் போகும் ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்." எங்கே இருக்கிறது, எப்போது போவீர்கள், அங்கே என்ன செய்வீர்கள், அங்கே போனால் ஏன் களைப்பு நீங்குகிறது.

எனக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. கோவில், கடற்கரை, பூங்கா என்று வகுப்பில் மற்றவர்கள் சொன்னவை எல்லாம் கண்முன் வந்து போயின. எதிலும் நான் ஓய்வெடுத்ததில்லை. ஒரு கணம், அந்தப் பழைய ஆஸ்பத்திரி வராண்டாவையே இங்கேயும் இழுத்துவிடலாமா என்றுகூட மனம் போனது. மேடம் இருமியது ஞாபகம் வந்தது. பென்சிலை எடுத்தேன். கடைசியாக எப்போது, எங்கே சும்மா உட்கார்ந்திருந்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தாளில் தமிழில் எழுதினேன்: பஸ். டயர் சீட். ரிப்பேர் அன்னைக்கு. யாரும் கூப்பிடல. ஒரு நிமிடம் முடிந்தது என்றார்.

எல்லோருக்கும் ஓய்வெடுக்க ஓர் இடம் இருக்கும், எனக்கு இருப்பது ஒரு பேருந்து இருக்கை என்று ஆரம்பித்தேன். சாயங்காலம் வேலை முடிந்து ஊருக்குப் போகும் பேருந்தில், பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சன்னல் இருக்கை. காலை மடக்கித்தான் உட்கார வேண்டும், அதனால் யாரும் விரும்ப மாட்டார்கள், அதனாலேயே எனக்குக் கிடைக்கும். இவ்வளவையும் சீக்கிரம் சொல்லிவிட்டுக் காட்சிக்கு வந்தேன்.

ஒரு நாள் அந்தப் பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. புகை வந்தது. எல்லோரும் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஓட்டுநர் யாருக்கோ போன் செய்தார். நான் மட்டும் இறங்கவில்லை. நடத்துநர் வந்து, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். சன்னலுக்கு வெளியே ஒரு கண்மாயும் அதன் கரையில் சில ஆடுகளும் இருந்தன. அடுத்த பேருந்து தாமதமாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைச் சொல்லும்போது எதிரே இருந்த பெண்மணியின் முகத்தில் எதுவும் அசையவில்லை. அசையாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் கணவரின் வாயை மூடிய துண்டு ஒரு கணம் ஞாபகம் வந்தது. தொடர்ந்தேன்.

ஏன் என்ற இடத்துக்கு வந்தேன். மருத்துவமனையில் இயந்திரம் கூப்பிடுகிறது, நோயாளி கூப்பிடுகிறார். அங்கே நான் சிஸ்டர். வீட்டில் அம்மா. அந்த இருக்கையில் மட்டும் என்னை யாரும் எதுவாகவும் கூப்பிடுவதில்லை. களைப்பு தூக்கத்தில் போவதைவிட, யாருக்கும் தேவைப்படாமல் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் அதிகம் போகிறது. சில வார்த்தைகள் தட்டின. ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டு நானே திருத்திக்கொண்டேன். ஆனாலும் நிற்கவில்லை. எதிர்காலத்தில் வேறு நாட்டுக்குப் போனால், அங்கேயும் பேருந்தில் எந்த இருக்கை யாருக்கும் பிடிக்காதது என்று முதலில் பார்ப்பேன், ஏனென்றால்... என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "தேங்க் யூ" என்று அவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

பாதி வாக்கியம் வாயிலேயே நின்றது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, பேச இன்னும் மிச்சம் இருக்கும்போது நேரம் முடிந்திருந்தது.

உங்கள் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் அந்த இடம் பிடிக்குமா என்று ஒரு சின்னக் கேள்வி கேட்டார். கணவர் இரு சக்கர வண்டியில் போகிறவர், அவருக்கு அது தெரியாது என்றேன். பிறகு மூன்றாம் பகுதி. நகரங்களில் மக்கள் ஏன் ஓய்வில்லாமல் இருக்கிறார்கள் என்பது போன்ற கேள்விகள். ஏதோ சொன்னேன். இப்போது ஒன்றும் நினைவில்லை.

கணவர் வெளியே ஒரு டீக்கடையில் நின்றிருந்தார். "எப்பிடி?" என்றார்.

"நிறுத்திட்டாக."

அவர் முகம் விழுந்தது. "போச்சா?"

"இல்ல. நிறுத்துனா நல்லதுதேன்."

விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவரும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

முடிவு வந்த அன்று எனக்கு விடுமுறை. மகள்தான் அலைபேசியில் பார்த்தாள். பேச்சில் ஏழு. மற்ற மூன்றும் போன தடவைபோலவே, ஒன்று கொஞ்சம் கூடியிருந்தது. மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவளுக்கே எதுவோ புரிந்ததுபோல் கையை எடுத்துவிட்டு, "அப்ப நீங்க போயிருவீங்களா?" என்றாள்.

கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது சொன்னேன். உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை.

"இப்ப கேக்குறேன்" என்றார். "நீ போறியா, இருக்கியா?"

 நான் யோசித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். வேறு எதையும் கேட்கவில்லை. மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"போறேன்" என்றேன். "பாப்பா பத்தாவது முடிக்கிற வரைக்கும் நீங்க பாத்துக்கிறீகளா?"

"பாத்துக்கிறேன். சமையலு மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

"எனக்குச் சமைக்கத் தெரியும்" என்றாள் மகள். அவளுக்குத் தெரியாது. எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

அவர் சாப்பிட்டுவிட்டுச் சங்கத்துக்குக் கிளம்பினார். இன்னும் சான்றிதழ்கள், பதிவு, விசா என்று எவ்வளவோ கிடந்தன. செவிலியர் பதிவுக்கான அடுத்த தேர்வு ஒன்றும் காத்திருந்தது. மகள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். நான் மின்விசிறியைப் போட்டுவிட்டு, தலைக்கு ஒரு தலையணையை இழுத்துக்கொண்டு தரையிலேயே படுத்தேன். அன்று சாயங்காலம்வரை தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.